திரிந்த மயோனைஸுக்கு ஒரு முட்டை

நோன்பு பிடித்தவனுக்குப் பின்னேரம் ஆனால் உலகம் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும். பக்கத்தில் பேசுகிறவர்களின் சத்தம்கூட அடுத்த வளவிலிருந்து வருவதுபோல் கேட்கும். ஆதம்பாவாவுக்கு அன்று அப்படித்தான் இருந்தது. குசினி யன்னலுக்கு வெளியே திருகோணமலைத் துறைமுகம் முழுக்கச் சாம்பல் நிறக் கப்பல்கள். ஆவணி வெயிலில் அவை தண்ணீரில் நிற்கின்றனவா, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. உலகமெல்லாம் யுத்தம் என்றார்கள். அந்த யன்னலிலிருந்து பார்த்தால் யுத்தம்கூட வெயிலுக்குக் கண்ணயர்ந்துவிட்டதுபோல்தான் தெரிந்தது.

அவன் கடற்படை அதிகாரிகளின் மெஸ்ஸில் சமையற்காரன். வீடு குடாவுக்கு அக்கரையில், கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில். மனைவி ஸல்ஹாவும் மகள் நபீஸாவும் அங்கே. அன்றைக்கு நபீஸா தன் வாழ்க்கையில் முதல் நோன்பைப் பிடித்திருந்தாள்.

"பாங்கு சொல்லி நோன்பு திறக்கேக்க நீங்க எனக்குப் பக்கத்துல இருக்கணும் வாப்பா" என்று போன முறை வீட்டுக்குப் போனபோதே சொல்லியிருந்தாள்.

"ஓம் மகள், வருவன்" என்றான். ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? மெஸ்ஸை விட்டுக் கிளம்புவதுதான் பெரும்பாடு.

அன்றிரவு புதிதாக வந்த கப்பலின் அதிகாரிகளுக்கு விருந்து. அவித்து ஆறவைத்த சிங்கி இறால், அதோடு மயோனைஸ். "மயோனைஸ் முடிந்ததும் நீ போகலாம். மிச்சத்தை மற்றவன் பார்த்துக்கொள்வான்" என்று மெஸ்ஸை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய ஸ்டூவர்ட் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சொன்ன சொல்லில் நிற்பவர், அதாவது மயோனைஸ் முடியாவிட்டால் விடவும் மாட்டார். அக்கரைக்குப் போகும் ஸெய்னுதீனின் வள்ளம் வெயில் மலையில் இறங்கும்போது புறப்படும். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு வழியில்லை. இருட்டிய பிறகு அந்தத் துறைமுகத்தில் ஒரு வள்ளம் அசையக்கூடாது.

மயோனைஸ் அந்தக் குசினியில் இரண்டு பேர் வேலை. ஆதம்பாவா கம்பியால் அடிப்பான், கதிரவேல் எண்ணெய் விடுவான். கதிரவேல் நிலாவெளிக்காரன். மெஸ்ஸுக்கு வருமுன் கரைவலை இழுத்தவன். ஆதம்பாவா மூத்தவன் என்பதால் அவனைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். அவன் எண்ணெய் விடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தான். வலை இழுக்கும் பாட்டை மூக்குக்குள் முனகுவான். தொடக்கத்தில், வலை இன்னும் தூரத்தில் கனத்துக் கிடக்கும்போது பாடும் பாட்டில், ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் ஒரு மூச்சுவிட இடம் இருக்கும். அந்த இழுப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய். முட்டைக் கரு அந்தச் சொட்டை வாங்கிக்கொண்டு, மெல்ல வெளுத்து, கம்பியில் ஒட்டத் தொடங்கும்போது அவன் பாட்டு விரையும். வலை கரையைக் கிட்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது எண்ணெய் நூலாக இறங்கும். இந்த முறையை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் பாடினான், மயோனைஸ் பிடித்தது, அவ்வளவுதான். நோன்பு மாதத்தில் உப்புப் பார்ப்பதும் அவன் நாக்கின் வேலை.

ஆதம்பாவா பெரிய பீங்கான் கோப்பையில் நாலு முட்டைக் கருவைப் போட்டான். கடுகு விழுதுத் தகரத்தை அடி தெரியச் சுரண்டிப் போட்டான். உப்பு, கொஞ்சம் வினாகிரி. அடித்தான். கதிரவேல் எண்ணெய்ப் போத்தலைச் சரித்து முனகத் தொடங்கினான்.

ஒரு சொட்டு. மூச்சு. ஒரு சொட்டு. மூச்சு.

யன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கப்பல்களின் நிழல் நீண்டு இறங்குதுறையைத் தொட்டது. ஆதம்பாவாவின் கை அடித்துக்கொண்டிருந்தது, அவனோ அக்கரையில் நின்றான். முற்றத்தில் பாய் விரித்திருக்கிறது. நோன்புக் கஞ்சி ஆவி விடுகிறது. நபீஸா ஒரு பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்க்கிறாள். பாதையில் ஒருவரும் இல்லை.

"கதிரவேல், பாட்டை விடுங்க. கெதியா ஊத்துங்க."

"காக்கா, இது இன்னும் இறுகேல்ல."

"நான் பலமா அடிக்கிறன். ஊத்துங்க எண்டு சொல்றன்!"

கதிரவேல் பாட்டை நிறுத்தினான். போத்தல் சரிந்தது. எண்ணெய் தடித்த தாரையாய் விழுந்தது. ஆதம்பாவா கை வலிக்க அடித்தான். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகப் போவதுபோல் இருந்தது. பிறகு கோப்பைக்குள் ஏதோ ஒன்று கைவிட்டது. கம்பியில் இருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போயிற்று. அடியில் திரிந்த பால்போல மஞ்சள் துணுக்குகள், மேலே பளபளவென்று எண்ணெய்.

"திரிஞ்சு போச்சு" என்றான் கதிரவேல்.

ஆதம்பாவா நம்பாதவன்போல இன்னும் அடித்தான். எண்ணெய் சிதறி முழங்கையில் தெறித்ததுதான் மிச்சம். அவனுக்குத் தெரியாதா என்ன? கரு ஒரு நேரத்தில் கொஞ்ச எண்ணெயைத்தான் தாங்கும். சின்னச் சின்னத் துளியாக உடைத்துக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் போர்த்தி வைத்துக்கொள்ளும். மொத்தமாகக் கொட்டினால் துளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடி எண்ணெயாகிவிடும். பிரிந்த பிறகு எவ்வளவு பலமாக அடித்தும் பலனில்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. முதலில் கதிரவேலில், பிறகு வெள்ளைக்காரனில், அவன் தின்னப்போகும் இறாலில். கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல் தன்னிலேயே வந்து நின்றது.

"இன்னொரு முட்டை இருந்தாக் காணும் காக்கா" என்றான் கதிரவேல் தணிந்த குரலில். "புதுக் கோப்பையில ஒரு கருவை வச்சு, இதைக் கொஞ்சம் கொஞ்சமா அதுக்குக் குடுத்தாப் பிடிச்சிடும். போன மழைக்காலமும் திரிஞ்சதை அப்பிடித்தானே மீட்டனாங்கள்."

"எங்க இருக்கு முட்டை? எல்லாம் புடிங்குக்குள்ள போய்ப் போறணை அடுப்புக்குள்ள வேகுது. கடுகும் முடிஞ்சுது."

சொல்லிவிட்டு ஆதம்பாவா கம்பியைக் கீழே வைத்தான். ஒரு முட்டை இருந்தது.

கிண்ணியாக் கோழிகள் இடும் முட்டையெல்லாம் அந்த நாளில் மெஸ்ஸுக்குத்தான் வந்தது. ஊர்ப் பிள்ளைகள் முட்டையின் ருசியை மறந்துபோயிருந்தார்கள். ஆனால் நபீஸாவின் கறுப்பிக் கோழி இட்ட முட்டையை மட்டும் அவள் யாருக்கும் விற்க விடமாட்டாள். முட்டை வியாபாரி ஸஹாப்தீனிடம் முந்தாநாள் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஓட்டில் கரியால் ஒரு பிறை கீறியிருந்தது. வாப்பா நோன்பு பிடிக்கமுன் விடியற்காலைச் சஹருக்குச் சாப்பிட வேண்டுமாம். ஆதம்பாவா சாப்பிடவில்லை. திரும்பக் கொண்டுபோய், பொரித்து, நோன்பு திறக்கும்போது இரண்டாய் வெட்டி அவளுக்குப் பாதி, தனக்குப் பாதி என்று நினைத்து, உடுப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தான்.

முட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்தான். பிறை கொஞ்சம் அழிந்திருந்தது.

"பிள்ளை தந்ததல்லோ, காக்கா?"

"ஓம். இல்லாட்டி நான் போக ஏலாது."

உடைத்தான். மெஸ் முட்டைகளின் கருவைவிட இது சிவந்து உருண்டையாக இருந்தது. வெள்ளையை வேறாக்கி, கருவைத் துடைத்த புதுக் கோப்பையில் விட்டு, இரண்டு துளி வினாகிரி சேர்த்து அடித்தான். திரிந்து கிடந்ததைக் கதிரவேல் ஒரு கரண்டியில் அள்ளினான்.

"இப்ப நான் பாடலாமோ?" என்று கேட்டான். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

"பாடுங்க. முதல்ல இருந்தே பாடுங்க."

வலை திரும்பவும் தூரக் கடலுக்குப் போயிற்று. ஒரு சொட்டு. மூச்சு. ஒரு சொட்டு. மூச்சு. ஆதம்பாவா யன்னலைப் பார்க்கவில்லை. சூரியன் எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் கை விரையும் என்று அவனுக்குத் தெரியும். கறுப்பியின் கரு முதல் சொட்டை வாங்கியது, இரண்டாவதை வாங்கியது. பாட்டும் கம்பியின் சத்தமும் ஒன்றாய்க் கலந்து, பசியும் தாகமும் எங்கோ போய், குசினி மெல்ல மெல்லக் கரையை விட்டு மிதந்து போவதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கம்பியில் மறுபடி பாரம் ஏறியபோதுதான் நிலத்துக்கு வந்தான். கோப்பைக்குள் மினுமினுவென்று, வெளிறிய மஞ்சளில், கம்பி போன தடம் அழியாமல் நின்றது.

கதிரவேலின் பாட்டு விரைந்தது. திரிந்ததெல்லாம் உள்ளே போயிற்று. அதன்பின் போத்தலில் மிச்சம் இருந்த எண்ணெயும் நூலாக இறங்கியது. எதுவும் மறுபடி பிரியவில்லை. கதிரவேல் நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு அளவாக் காணும். ஓடுங்க காக்கா!"

ஓடினான். ஸெய்னுதீன் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார். இறங்குதுறைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் ஒரு பாய்ச்சல் தூரம் தண்ணீர். பாய்ந்தான். வள்ளத்தில் இருந்தவர்கள் ஏசிக்கொண்டே கைகொடுத்துத் தூக்கினார்கள்.

பாங்கு அவர்களை நடுத் தண்ணீரில் பிடித்தது. கிண்ணியாப் பக்கமிருந்து மெல்லிய காற்றில் வந்து, ஒருவருடைய குரல் என்று தெரிந்தும் தெரியாமலும் கேட்டது. ஸெய்னுதீன் துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். ஆதம்பாவா ஒரு மிடறு குடித்தான். தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குவது தெரிந்தது. பக்கத்தில் இருப்பேன் என்றுதானே சொல்லியிருந்தான்? பாட்டை நிறுத்தச் சொல்லாதிருந்தால் இந்நேரம் முற்றத்துப் பாயில் இருந்திருப்பான்.

துறையில் மங்கல் வெளிச்சத்தில் ஸல்ஹா நின்றாள். அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நபீஸா. வள்ளம் மணலில் முட்டுமுன் தண்ணீருக்குள் இறங்கி ஓடி வந்தாள்.

"பாங்கு சொன்ன உடன கடிச்சிட்டன் வாப்பா. உம்மா பிந்தக்கூடாது எண்டா. பாதி உங்களுக்கு." உள்ளங்கையில் பாதிப் பேரீச்சம்பழம், வியர்வையில் பிசுபிசுத்து.

அவன் அதை வாங்கி வாயில் போட்டான். பிறகு, முட்டையைப் பற்றி அவளே கேட்குமுன் தானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தான்.

"மகள், உங்கட முட்டையை வாப்பா தின்னயில்ல. வேலையில ஒரு பிழை விட்டுட்டன். அதைச் சரியாக்க உங்கட முட்டையை உடைச்சுப் போட்டன். வெள்ளைக்காரர்தான் தின்னப் போறாங்க."

நபீஸா தலை குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். அலை அவள் கணுக்காலைச் சுற்றிப் போயிற்று. அழப்போகிறாள் என்று அவன் பயந்தான்.

"எத்தினை வெள்ளைக்காரர்?"

"ஒரு பெரிய மேசை நிறைய."

"அத்தினை பேருக்கும் என்ட ஒரு முட்டை காணுமா வாப்பா?"

அவன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். நாளெல்லாம் பட்டினி கிடந்த பிள்ளை, பாரமே இல்லை.

"காணும் மகள்" என்றான். "எல்லாருக்கும் தாராளமாக் காணும்."

"அப்ப வீட்ட போன உடன கறுப்பிக்குச் சொல்லணும்" என்றாள் நபீஸா.