வலிக்குப் பேரம்

யூலாலியாவுக்கு ஸ்பானிஷ் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு விற்கவும், கம்பளி விற்கவும், தராசில் கட்டைவிரல் வைக்கிற வியாபாரியைத் திட்டவும் போதுமான ஸ்பானிஷ் தெரியும். தன் உடம்பைப் பற்றி மட்டும் அந்த மொழியில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆபீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் அவள் புருஷன் மெல்கியாதெஸ்தான் பேசுவான். சுரங்கத்தில் வேலை பார்த்தவன், வாய் ஓயாதவன். போன மழைக்காலத்தில் அவன் இறந்துபோனான்.

இப்போது மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்தின் பெஞ்சில் அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாத்தனார் ஹெர்மெலிந்தா. அவளுக்கு ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாது. தொண்டை மட்டும் ஊருக்கே கேட்கும்.

"அண்ணி, நம்ம பாஷை கெச்சுவா பேசுற அந்த நர்ஸம்மா இன்னைக்கு இல்லையாம். தடுப்பூசி போட மேல போயிட்டாங்களாம். நீதான் பேசணும். வாயைத் திறந்து பேசு, ஆட்டுக்குட்டி மாதிரி முழிக்காத."

"எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு."

உள்ளே டாக்டர் ஹிமேனா இருந்தாள். தலைநகர் லிமாவிலிருந்து கிராமச் சேவைக்கு வந்த சின்னப் பெண். ஆறு மாசமாகியும் குளிருக்கு மூக்கு சிவந்தே இருந்தது.

"சொல்லுங்கம்மா, எங்க வலிக்குது?"

"மெ துவேலெ" என்று ஆரம்பித்தாள் யூலாலியா. எனக்கு வலிக்குது. அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு உடம்பின் பாகத்தைச் சொல்ல வேண்டும். அவள் பாவாடைகளின் மேல் கையால் ஒரு பெரிய வட்டம் போட்டாள். "வயிறு."

"எப்பல இருந்து?"

"கொஞ்ச நேரமா."

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் வச்சா எவ்வளவு வலி? பத்துன்னா தாங்கவே முடியாதது."

இந்தக் கேள்வியில் யூலாலியாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. எண்ணைக் கேட்கிறாள். அப்படியென்றால் இது சந்தை. சந்தையில் வாங்க வந்தவள் எடுத்த எடுப்பில் உள்ள விலையைச் சொல்வாளா? அடியில் ஆரம்பிக்க வேண்டும். எதிராளி "என்னம்மா, நியாயமா சொல்லு" என்பாள். பிறகு இரண்டு பேரும் படிப்படியாக ஏறி, உண்மை இருக்கிற இடத்துக்கு வந்து சேர்வார்கள். அதுதான் மரியாதை.

"ரெண்டு" என்றாள்.

டாக்டர் தலையாட்டினாள். "ரெண்டா? நல்லது."

அவ்வளவுதான். பேரம் பேசவே இல்லை! யூலாலியா அடுத்த பேச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணைக் கீழே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், நேற்று இரவே குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது. டாக்டர் எழுந்தாள்.

"அம்மா, இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டு உக்காருங்க. அவங்கள வண்டியில ஏத்திட்டு வந்து உங்க வயித்தப் பாக்குறேன்."

கதவு காற்றில் அடித்துக்கொண்டது. ஹெர்மெலிந்தா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொன்னா?"

"ரெண்டுன்னேன். சரின்னுட்டா."

"சரின்னுட்டாளா! ஏத்திக் கேக்கவே இல்லையா? என்ன ஜென்மம் இவ! அது சரி, வண்டி போனா மறுபடி எப்ப வரும்?"

"நாளைக்குத்தான்."

ஹெர்மெலிந்தாவின் குரல் சட்டென்று இறங்கியது. "அண்ணி, எங்கண்ணனும் அன்னைக்கு மூணுன்னுதானே சொன்னான்?"

ஆமாம். சுரங்கத்து டாக்டரிடம் நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தபடி மூணு என்றான். அவரும் தலையாட்டினார். அவனும் மறுபேச்சுக்காகக் காத்திருந்தான் போலிருக்கிறது.

யூலாலியா எழுந்தாள். நிமிர முடியவில்லை. வலது பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மடங்கினபடியே வாசலுக்கு ஓடினாள். ஒவ்வொரு காலடியும் வயிற்றுக்குள் இடித்தது. வண்டியின் பின்கதவை ஓட்டுநர் ருபெர்தோ சாத்திக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா! ரெண்டு இல்ல! பொய்! ரெண்டு பொய்!"

வாசலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். டாக்டரும் திரும்பினாள்.

யூலாலியாவுக்கு இலக்கணம் எங்கே போனதோ தெரியவில்லை. கையில் கிடைத்த சொல்லையெல்லாம் எடுத்து அடுக்கினாள்.

"தெஸ்தே அயேர்! நேத்துல இருந்து! நேத்து மத்தியானம், சூரியன் உச்சியில. மொதல்ல இங்க." தொப்புளை ஒற்றை விரலால் குத்திக் காட்டினாள். "இங்க வலி. அப்புறம் வாந்தி. வலி மொதல்ல, வாந்தி பின்னால. சாப்பாடு இல்ல, சூப் கூட வேணாம். ராத்திரி வலி நடக்குது. கீழ வருது. அக்கீ! இங்க!" விரல் வலது இடுப்பெலும்புக்கு உள்ளே போய் நின்றது. "இப்ப இங்க உக்காந்துருச்சு. போகல. நடந்தா வலி. இருமுனா வலி. நான் நேத்துல இருந்து சிரிக்கல!"

டாக்டரின் முகம் மாறியது. ஓடி வந்தாள்.

"ருபெர்தோ, எஞ்சினை நிறுத்தாதீங்க. அம்மா, ஏறுங்க. படுங்க."

வண்டிக்குள் பிரசவக்காரி ஒரு பக்கம் நகர்ந்துகொண்டாள். டாக்டர் பாவாடையை ஒன்று, இரண்டு, மூன்று என்று விலக்கினாள்.

"இன்னும் எத்தனைம்மா போட்டிருக்கீங்க?"

"குளிருது இல்ல?" என்றாள் யூலாலியா.

டாக்டர் இடது பக்கத்தை அழுத்தினாள். வலது பக்கம் சுரீர் என்றது. பிறகு விரல் காட்டிய அதே இடத்தில் மெதுவாக அழுத்தி, கையைச் சட்டென்று எடுத்தாள்.

அந்நியர் முன்னால் கத்தக் கூடாது என்று வளர்ந்தவள் யூலாலியா. அன்றைக்குக் கத்தினாள். மதில்மேல் உட்கார்ந்திருந்த கோழிகள் பறந்தன.

"அழுத்தும்போது வலியா, எடுக்கும்போதா?"

"எடுக்கும்போது! ரொம்ப! ஒம்பது!"

"பத்து இல்லையா?"

யூலாலியா பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள். "பத்து இவளுக்கு."

அந்தப் பெண் வலிக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். "அடிப்பாவி, சிரிக்க வைக்காத!"

"குடல்வால்" என்றாள் டாக்டர். "வெடிக்கிறதுக்குள்ள போகணும். நானும் வர்றேன்."

ஹெர்மெலிந்தா ஒரு வார்த்தையும் புரியாமலே, "அப்படித்தான் அண்ணி! விடாத!" என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடி வந்து, கடைசி நொடியில் தாவி ஏறினாள்.

இறக்கத்தில் வண்டி பாய்ந்தது. டாக்டர் போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: நேற்று மத்தியானம் தொடக்கம், தொப்புளைச் சுற்றி, பின்னால் வாந்தி, இரவில் வலது கீழ்ப்பக்கம் இறங்கியது. யூலாலியா கண்ணை மூடிக் கேட்டாள். தன் சொல்லெல்லாம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரிசையாகப் போவது போலிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவளும் அந்தப் பெண்ணும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். ருபெர்தோ முன்னாலிருந்து, "ரோடு நான் போட்டதில்லம்மா!" என்று கெஞ்சினான். வண்டிக்குள் ஏதோ திருவிழாவுக்குப் போகிற சத்தம்.

பட்டணத்தில் அந்தப் பெண் ஒரு கதவுக்குள் போனாள், யூலாலியா இன்னொரு கதவுக்குள். பச்சைத் தொப்பி போட்ட அறுவை மருத்துவர் குனிந்தார்.

"அம்மா, எங்க..."

"தெஸ்தே அயேர்" என்று அவள் ஆரம்பித்தாள். மத்தியானத்தையும், தொப்புளையும், வாந்தியையும், வலி நடந்து வந்த வழியையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"போதும்மா, போதும். டாக்டர் எல்லாம் சொல்லிட்டாங்க. ரொம்பத் தெளிவா இருக்கு. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க."

மயக்க மருந்து முகமூடி மூக்கருகே வந்தது. யூலாலியா அதைக் கையால் தள்ளினாள்.

"இருங்க டாக்டரய்யா, இருமல் விஷயம் இன்னும் சொல்லல!"