கிலோவுக்கு இரண்டு ரூபாய்

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் போல்ட் செய்யும் பார்த்திபனுக்குப் பேரம் பேசாமல் வாங்கிய தண்ணீர்கூடச் செரிக்காது. ஆகஸ்டில் வாங்கிய பத்து டன் கம்பியைக் கிலோ அறுபத்திரண்டிலிருந்து அறுபது ரூபாய்க்கு இறக்கினார். பதிலுக்கு இரண்டு மாதக் கடனை ஒரு மாதமாக்கிவிட்டார் வியாபாரி வெங்கடேசன்.

கணக்கு எழுதும் ஏஞ்சல் செப்டம்பர் வரவுசெலவுத் தாளை நீட்டினாள்.

"சார், கையில ஒரு லட்சம். ஜூலைல வித்ததுக்கு அஞ்சு லட்சம் வரும். இருபதாம் தேதி கம்பிக்கு ஆறு குடுத்தா, முப்பதாம் தேதி கூலி ரெண்டு லட்சத்துக்கு ஒண்ணுமே இல்ல."

"ஆகஸ்ட்ல ஒம்போது லட்சத்துக்கு வித்தமே?"

"அது ரெண்டு மாசக் கடன் சார், அக்டோபர்லதான் வரும். அதுவரைக்கும் ஆளுங்க ஊட்ல லாபத்தையா ஒலையில போடுவாங்க?"

பார்த்திபன் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு வெங்கடேசனுக்குப் போன் போட்டார்.

"நைனா, பழைய வெலையே போட்டுக்கோ. பழையபடி ரெண்டு மாசம் குடு."

"இன்னா பார்த்தி, நீயா ஏத்திக் கேக்குற? உடம்பு சரியில்லையா?" வெங்கடேசனுக்கு மூக்கில் வேர்த்தது. "அப்ப அறுபத்திமூணு போட்டுக்குறேன்."

பார்த்திபனுக்கு உயிர் வந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டி, அறுபத்திரண்டுக்கே இறக்கினார். ஏஞ்சல் செப்டம்பரில் கம்பிச் செலவை அடித்துவிட்டு, அக்டோபரில் ஆறு லட்சத்து இருபதாயிரம் என்று எழுதினாள்.