எட்டுப்பேர் சஹன்

கலியாணச் சமையலில் ஸைனுலாப்தீனுக்குக் கிண்ணியாவில் நல்ல பெயர். மூதூர்க் கலியாணத்தில் அதைத் தானே கெடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் குறைத்ததற்கெல்லாம் தலையாட்டிவிட்டுச் சமைத்தார். முதலில் உண்ட ஆண்களுக்கு எல்லாம் தாராளம், பின்னால் இருந்த பெண்களுக்கு இறைச்சி எட்டவில்லை. அதன்பின் மூன்று மாதம் அடுப்பு மூட்ட ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டில் அரிசிப் பானை அடி தட்டியது.

அதனால் அக்கரையில் துறைமுகத்துப் பக்கம் மரக்கடை வைத்திருந்த ஹாஜியார், தன் மகளின் கலியாணத்துக்கு ஆள் அனுப்பியதும் முதல் படகிலேயே ஓடினார்.

முந்நூறு பேர். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறுபேர் இருந்து உண்பது முறை. ஆக, ஐம்பது சஹன். ஸைனுலாப்தீன் தொகையைச் சொன்னார்.

"அவ்வளவு ஏலாது. என்னட்ட இருக்கிற காசு நாப்பது சஹனுக்குத்தான்."

"அப்ப ஆளைக் குறைப்பம், ஹாஜியார்."

"கார்ட் எல்லாம் குடுத்து முடிஞ்சுது."

"சரி, வட்டிலப்பத்தை விட்டுட்டு வாழைப்பழம் வைப்பம். கோழிப் பொரியலும் வேணாம். விறகு உங்கட கடையில இருந்து வரட்டும். இருக்கிற காசு நாப்பத்துநாலு சஹனுக்குக் காணும்."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "பிறகென்ன! ஆம்புளைகளுக்கு இருபத்தஞ்சு. மிச்சம் பத்தொன்பதில பொம்புளைகள் எட்டு எட்டுப் பேரா இருக்கட்டும். அவங்க என்னத்தைத் தின்னப்போறாங்க?"

ஸைனுலாப்தீனுக்கு மூதூர் நினைவு வந்தது. மறுபடியும் அதே கணக்கு!

"நெய்ச்சோத்தை விட்டுட்டு வெள்ளைச் சோறு போடுவம். ஐம்பதும் சரியா வரும், இறைச்சியும் குறையாது."

"நெய்ச்சோறு இல்லாமக் கலியாணமா? மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பாங்க."

"அப்ப என்னால ஏலாது. மனம் மாறினா நாளைக்கு அஸர் தொழுகைக்குள்ள சொல்லியனுப்புங்க."

"நீங்க இல்லாட்டி சமையல்காரன் அன்ஸார் ஓமெண்டு சொல்லுவான்."

"சொல்லுவார்," என்றார் ஸைனுலாப்தீன். எழும்பினார். ஹாஜியார் திரும்பக் கூப்பிடுவார் என்று வாசல்வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தார். கூப்பிடவில்லை. படகில் நின்றபோது, வாய்க்கு வந்த சோற்றைத் தட்டிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

உம்மு குல்சும் வாசலில் நின்றாள். புருஷனின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது.

"எத்தினை பேருக்கு ஒரு சஹன் எண்டு கேட்டார்?"

"ஆம்புளைகளுக்கு ஆறு. பொம்புளைகளுக்கு எட்டு."

அவள் உள்ளே போய் அரிசிப் பானையை எடுத்தாள்.

"மூதூர்க் கலியாணத்துக்கு நானும் வந்தனான்தானே. எங்கட சஹனில வெறுஞ்சோறுதான் மிஞ்சியிருந்தது. சுத்தியிருந்த ஆக்கள், 'உன்ட புருஷன்தானே சமைச்சது' எண்டு கேட்டாங்க. பசிக்கேல்லை எண்டு சொல்லிட்டு எழும்பிட்டன்."

ஸைனுலாப்தீன் வெட்கத்தில் தலைகுனிந்தார். மூன்று மாதமாக அவள் இதை வாய்விட்டுச் சொன்னதேயில்லை.

"நீங்க ஏலாதெண்டு வந்தது நல்லது," என்றாள். பிறகு பானையைச் சரித்து, அடியில் கிடந்த அரிசியைக் கையால் வழித்தெடுத்தாள்.