மேல் வீட்டு ஃபிரிட்ஜ்

மந்தைவெளியில் அந்தப் பழைய கட்டடத்தில் கீழ் வீட்டில் மஹ்விஷும் அவள் கணவன் ஆசிஃபும் இருந்தார்கள். மேல் வீட்டில் அவளுடைய அண்ணன் வலியுல்லா. அன்று மழையில் ஒரு ஃபேஸ் போனதும் மேல் வீடு மட்டும் இருண்டது.

“மாப்ளே, என் லைனை வேற ஃபேஸ்ல மாத்தி வுடுய்யா. ஃபிரிட்ஜ்ல கறி கெட்டுக்கினு கீது” என்று மாடியிலிருந்து கத்தினான் வலியுல்லா.

“வயர்மேனைக் கூப்பிடலாமே அண்ணே” என்றாள் மஹ்விஷ்.

“இதுக்குப் போய் வயர்மேனா? உன் புருஷன் இன்னா, வளையலா போட்டுக்கினு கீறான்?”

ஆசிஃப் சிரித்துக்கொண்டே மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர் அறைக்குப் போனான். மாற்றியும் விட்டான். மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. பலகையை மூடும்போது அவன் கை பட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான நியூட்ரல் வயர் துருப்பிடித்த திருகிலிருந்து கழன்று வந்துவிட்டது.

கீழே மஹ்விஷ் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு மங்கியது. அதே நொடியில் மேல் வீட்டு விளக்குகள் பால்போல வெளுத்தன. மின்விசிறிகள் பிய்த்துக்கொண்டு போவதுபோல் சுழன்று புகைந்தன. டிவி வெடித்தது. பதறிப்போன ஆசிஃப் மெயின் சுவிட்சை இறக்குவதற்குள், போன மாதம் வாங்கிய ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து கருகிய நாற்றம் படிவரை இறங்கிவிட்டது.

வலியுல்லா படிகளில் தாவி வந்தான். ஆசிஃபின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். முகத்தில் குத்தினான். ஆசிஃப் விழாமலிருக்கக் கதவு நிலையைப் பற்றிக்கொண்டபோது, வலியுல்லா மீட்டர் அறையின் இரும்புக் கதவை அந்தக் கையோடு சேர்த்து அறைந்தான். எலும்பு முறிந்த சத்தம் வெளியே ஓடிவந்த மஹ்விஷுக்குத் தெளிவாகக் கேட்டது.

“நான்தான் வயர்மேனைக் கூப்பிடலாம்னேனே அண்ணே! நீதானே அவரை அனுப்பின!” அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறியதில் படியில் போய் விழுந்தாள்.

மறுநாள் மாவுக்கட்டோடு படுத்திருந்தவனைப் பார்க்க வலியுல்லா பழம் வாங்கி வந்தான். குரலில் தேன்.

“மாப்ளே, எல்லாத்துக்கும் பாலிசி கீது. ஓவர் வோல்டேஜ்ல எரிஞ்சா குடுப்பாங்க. ஆனா லைசென்ஸ் இல்லாதவன் போர்டுல கை வெச்சான்னு தெரிஞ்சா கிடையாதாம். இடின்னே சொல்லுவோம். நீ பைக்லேர்ந்து விழுந்துட்ட. சரியா?”

ஆசிஃப் தலையசைத்தான். மஹ்விஷ் பழப்பையைத் தொடவில்லை.

“ஏங்க தலையாட்டுனீங்க?” என்று அண்ணன் போனபின் கேட்டாள்.

“உனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தானே. விடும்மா.”

அவனுடைய நல்ல கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

காப்பீட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் வெங்கடேஷ் வந்தார். ஃபிரிட்ஜின் பின்மூடியைக் கழற்றிக் கருகிய சர்க்யூட் போர்டைப் படமெடுத்தார். டிவியையும் மின்விசிறிகளையும் பார்த்தார். பிறகு கீழே இறங்கி மீட்டர் பலகையில் டார்ச் அடித்தார். ஆசிஃபும் மஹ்விஷும் தங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“இடின்னு சொல்றீங்க. இங்க நியூட்ரல் புதுசா முறுக்கியிருக்கே? யார் கை வெச்சது?”

“அப்புறம் வயர்மேன் வந்து மாட்டினாரு சார்” என்றான் வலியுல்லா.

“இவர் கையில என்ன கட்டு?”

“பைக்லேர்ந்து விழுந்துட்டாப்ல. இன்னா மாப்ளே?”

ஆசிஃப் வாயைத் திறக்குமுன் மஹ்விஷ் நடுவில் வந்து நின்றாள்.

“விழல சார். இந்தக் கதவுல வெச்சு எங்க அண்ணன் ஒடைச்சாரு. ஃபேஸ் மாத்தச் சொன்னதும் அவர்தான். மாத்தும்போது நியூட்ரல் கழண்டுடுச்சு.”

வலியுல்லா அவள் காதோடு சேர்த்து அறைந்தான். அடுத்த அடி அவள் வாயில். உதடு கிழிந்தது. “கூடப் பொறந்தவளாடி நீ?” என்று முடியைப் பிடித்தான். ஆசிஃப் மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே அவன் நெற்றியில் ஓங்கி அடித்தான். வலியில் ஆசிஃபும் சேர்ந்து அலறினான். வெங்கடேஷ் இருவருக்கும் நடுவில் பையை நீட்டி, “விடுய்யா! பொம்பளையை அடிக்கிற! இந்த கிளெய்ம் நிக்காது, நான் எழுதத்தான் போறேன்” என்று கத்தினார்.

மஹ்விஷ் கணவனை வீட்டுக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். கதவில் உதை விழுந்தது. ஒரு பலகை விரிந்தது.

“திறந்து மன்னிப்பு கேட்டுடலாம்மா” என்றான் ஆசிஃப் மூச்சு வாங்க.

அவள் உதட்டு ரத்தத்தைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டாள்.

“கதவை உடைக்கிறாங்க சார். மந்தைவெளி.”

“யாரும்மா? திருடனா?”

அடுத்த உதையில் தாழ்ப்பாளின் ஆணி ஒன்று தெறித்தது. அவள் முதுகைக் கதவோடு அழுத்திக்கொண்டாள். ஆசிஃபும் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தான்.

“எங்க அண்ணன் சார். பேரு வலியுல்லா. சீக்கிரம் வாங்க.”