ஓடையில் இரண்டே இடம்

அன்வர் பாட்சா யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. சான் ரமோன் பிசினஸ் பார்க்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் மேனேஜர். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே கேட்கும் சின்ன உதவிக்குப் பின்னால் ஆறு மாத வேலை ஒளிந்திருக்கும் என்பதைக் கண்டுபிடித்து, "அது ஸ்கோப்ல இல்லை, ஒத்துக்கிட்ட வேலைக்கு வெளியே" என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தச் சந்தேகத்தை ஆபீஸோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நல்ல மனிதர்தான். அவரோ அதை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வருவார்.

மகள் மஹா பதினோராம் வகுப்பு. சுற்றுச்சூழல் பாடத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட். கிளாஸே ஓட்டுப் போட்டு மஹாவை அவள் குழுவுக்கு லீடராக்கியிருந்தது. டெல்காடோ டீச்சரின் சட்டம் கறார்: தலைப்பு என்ன, எதுவரை செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், யாருக்கு எந்த வேலை என்று லீடர் கடிதம் எழுத வேண்டும். அவர் அதைப் படித்துச் சரி என்று சொல்லும்வரை சோதனைக் கருவி கைக்கு வராது, பள்ளி வாசலைத் தாண்டவும் முடியாது.

"ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க அத்தா, ஓகே?" என்று லேப்டாப்பை நீட்டினாள் மஹா.

அவர் ஸ்பெல்லிங்கையா பார்த்தார்! பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடை, பெரிய கார் பார்க்கிங்கைக் கடந்த பிறகு மாறுகிறதா என்பது கேள்வி. பார்க்கிங்குக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், இரண்டே இடத்தில் தண்ணீர் எடுப்பார்களாம். வெப்பம், கலங்கல், அமிலத்தன்மை, நைட்ரேட், இவ்வளவுதான் பார்ப்பார்களாம். கிருமிச் சோதனை செய்யமாட்டோம், பள்ளி லேபில் அதற்குப் பாதுகாப்பான வசதி இல்லை. ஓடையில் இறங்கமாட்டோம், நடைபாலத்திலிருந்து வாளி விட்டு எடுப்போம். இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதற்குப் பதில் சொல்லமாட்டோம். வரிக்கு வரி மாட்டோம், மாட்டோம். இது அனுமதிக் கடிதமா, மன்னிப்புக் கடிதமா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அதைவிட அடுத்த பத்திதான் அவரைச் சுட்டது. தண்ணீர் எடுப்பது க்ரிஷ். சோதனை விஷாகா. ஒருங்கிணைப்பு, அட்டவணை, எண்களைச் சரிபார்ப்பது மஹா.

"உன்னைக் கிளார்க் ஆக்கிட்டாங்களா?" என்றார்.

"அத்தா, ஜஸ்ட் ஸ்பெல்லிங்," என்று அவள் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அவருக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு சின்னதாக யார் வெட்டியது? காலேஜ் அப்ளிகேஷனில் காட்ட விஷாகா தனியாக ஏதாவது பெரிதாகச் செய்துகொண்டிருப்பாளோ? பாவம், தன் மகளுக்கு விவரம் போதாது. சனிக்கிழமை காலை நடைபாதையில் விஷாகாவின் அப்பா சுந்தரராமன் எதிரே வந்தார்.

"வாங்க பாட்சா சார். நம்ம பசங்க புராஜெக்ட் சூப்பரா இருக்கில்ல? டெஸ்டிங் ஃபுல்லா எங்க விஷாகாதான் பண்றா," என்றார் வெள்ளந்தியாக.

வெள்ளந்தியாவது! 'ஃபுல்லா' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே அன்வர் பாட்சா வீடு வந்து சேர்ந்தார். மனைவி ஷம்சாத் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "புள்ளைங்க விஷயம். நீங்க மூக்கை நுழைக்காதீங்க," என்றாள். அவருக்கு இருந்த ஒரே மூக்கு அந்நேரத்துக்கே பாதி நுழைந்தாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் காரைவிட்டு இறங்காமலே டீச்சருக்கு ஈமெயில் அனுப்பினார். பல வருட அனுபவமுள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஸ்கோப் மிகக் குறுகியது. ஊரிலுள்ள எல்லா ஓடைகளையும் சேர்க்கலாம், தண்ணீரை அளக்கும் சென்சார்களை நான் தருகிறேன், என் டீமே வந்து பொருத்தும். என் மகளின் பங்கு வெறும் ஒருங்கிணைப்பு அல்ல என்று உறுதி செய்யவும். அனுப்பியதும் நெஞ்சு நிமிர்ந்தது. மகளுக்காக நாலு வார்த்தை கேட்க ஓர் அப்பா இருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியட்டுமே.

மதியமே பதில் வந்தது, மஹாவுக்கும் பிரதியோடு. மிக மரியாதையான பதில். அக்கறைக்கு நன்றி. ஆனால் 'ஸ்கோப்புக்கு வெளியே', 'அனுமானங்கள்' என்று கடிதத்தில் வரும் தலைப்புகளும் உங்கள் ஈமெயிலின் நடையும் ஒன்றுபோல இருக்கின்றன. கடிதம் மாணவர்களுடையதுதானா என்று தெரியும்வரை அனுமதியை நிறுத்திவைக்கிறேன்.

அன்றைக்கு மஹா கதவைத் திறந்த வேகத்திலேயே கோபம் தெரிந்துவிட்டது. மற்ற நாளெல்லாம் பாதிக்குமேல் இங்கிலீஷ். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் சரளமாக வரும்.

"யாரும் என்னை ஏமாத்தல அத்தா. அவங்க ரெண்டு பேரும் பன்னெண்டு இடம் வேணும்னாங்க. கிருமி டெஸ்ட் வேணும்னாங்க. எங்களால முடியாதுன்னு நான்தான் கட் பண்ணேன். ரெண்டு வாரம் ஆர்க்யூ பண்ணி கட் பண்ணேன். அதான் லீடர் வேலை."

"அந்த ஹெடிங் எல்லாம்..."

"உங்க ரூம் பக்கத்து ரூம் என்னோடது. தினமும் நீங்க ஆபீஸ் போன்ல கத்தறது எனக்குக் கேக்கும். வேற எங்க கத்துக்குவேன்?"

எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று தினமும் ஊரோடு மல்லுக்கட்டுகிற அன்வர் பாட்சா, அதே வேலையைத் தன் மகள் தன்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தபோது அதற்குக் கிளார்க் வேலை என்று பெயர் வைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. டீச்சருக்கு இன்னொரு ஈமெயில் எழுதி எல்லாவற்றையும் விளக்கிவிடவா என்று கேட்டார். "ஐயோ, வேணவே வேணாம்!" என்று அலறிவிட்டாள்.

மறுநாள் டீச்சர் மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்தார். லேப்டாப் கிடையாது, போன் கிடையாது. ஏன் இரண்டே இடம், ஏன் பார்க்கிங்குக்கு மேலேயும் ஓரிடம் வேண்டும், ஏன் கிருமி வேண்டாம் என்று காகிதத்தில் எழுதச் சொன்னார். சாயங்காலம் மகளை அழைத்துவரப் போன அன்வர் பாட்சா, பள்ளி வாசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பரீட்சை எழுதியதே தான்தான் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

மஹா வந்து ஏறினாள். "அப்ரூவ்டு," என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! அதே ரெண்டு இடமா?"

"அதேதான். ஒரு வார்த்தை மாத்தல. ஆனா புது லெட்டர் விஷாகா பேர்ல போயிருக்கு. இப்ப அவதான் லீடர்."

அவருக்குச் சுருக்கென்றது. "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன். உன்னைத் தூக்கிட்டாங்களா?"

"யாரும் தூக்கல அத்தா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "என்னையே கண்டினியூ பண்ணுன்னுதான் டீச்சர் சொன்னாங்க. விஷாகாகூட நீயே இருன்னு அழுதுட்டா. நான்தான் வேணாம்னேன். இனி நான் எது நல்லா எழுதினாலும், இது இவ எழுதினதா, அவங்க அப்பா எழுதினதான்னு டீச்சருக்கு ஒரு செகண்ட் டவுட் வரும். விஷாகா எழுதினா வராது. அவங்க ரெண்டு பேரோட கிரேடு எதுக்கு அதுல மாட்டணும்?"

அவர் வண்டியை எடுத்தார். பார்க்கிங்கை ஒட்டி அந்த ஓடை கொஞ்சம் தண்ணீரோடு கிடந்தது. அதைத் தாண்டும்போது அவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஓடைக்குப் போக பேரன்ட்ஸ் பெர்மிஷன் வேணும்ல, அந்த ஸ்லிப்பைக் குடும்மா, சைன் பண்றேன்," என்றார்.

"அம்மாகிட்ட வாங்கிட்டேன்," என்றாள் மஹா. "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், அத்தா."