ஐந்துக்கு இரண்டு

பதவி உயர்வுக் குழுவில் நானும் ஒருவன். என் அணியில் ஏழு வருடமாக இருக்கும் பெண்ணுக்கு, 'பேச்சுத்திறன்' கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தேன்.

மனிதவள அதிகாரி தாளை என் பக்கம் தள்ளினார். "எந்த மீட்டிங்ல, யாருக்கு அவங்க பேச்சு புரியல சார்? ஒரு உதாரணம் எழுதுங்க. இல்லன்னா இந்த மார்க் செல்லாது."

பேனாவைத் திறந்தேன். எழுத ஒரு மண்ணும் இல்லை. வாடிக்கையாளர்கள் அவளிடம்தான் பேச வேண்டும் என்று கேட்பார்கள்.

"அந்த ஊர்ப்பேச்சு இழுவை..." என்று மென்று விழுங்கினேன். "மேலிடத்துல எடுபடாது."

"அது உதாரணம் இல்ல சார்."

இரண்டை அடித்து நான்கு போட்டேன். மேஜையில் என் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா.

"பேசுங்க சார், பரவால்ல."

எடுக்கவில்லை. அம்மாவிடம் வாயைத் திறந்தால் எனக்கும் அதே இழுவைதான். இருபது வருடமாக, அலுவலக மாடிப்படிக்குப் போய்த்தான் அம்மாவோடு பேசுகிறேன்.