இடம் மாறிய மதகு

அடிக்கோலுக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டு மேசையில் மனைவியின் கைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். ஏரிக்கரைத் தெருவிலிருந்து யாராவது ஒருவர். ஒரு தடவை தையல்கார அக்கா, ஒரு தடவை அந்த அக்காவின் மாமியார், இடையில் வேன் டிரைவர். எல்லோருக்கும் அவள்தான் வேண்டும். அவனும் அவளைப் போல அதே பத்திரிகையில் நிருபர்தான், அதே ஏரியைப் பற்றித்தான் எழுதுகிறான், அவளுக்கு முன்பே தொடங்கியவன். அவனை ஒரு ஈ காக்காகூடக் கூப்பிடவில்லை.

அடிக்கோல் என்பது அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். மற்றவர்கள் ஏரிக்குப் போய்ப் படம் எடுத்து வருவார்கள், இவன் நில அளவை அலுவலகத்துக்குப் போய்த் தும்மிக்கொண்டு வருவான். மனு போட்டு, நகல் கட்டணம் கட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடிய ஜன்னலுக்கு முன்னால் தவம் கிடந்து, ஏரியின் பழைய அளவை வரைபடத்தை வாங்கியிருந்தான். அதைக் கணினியில் ஏற்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினான். ஏரிக்கரைத் தெரு மொத்தமும் ஏரிக்குள் விழுந்தது. வருவாய்த் துறை அந்தத் தெருவுக்கு அனுப்பியிருந்த காலி செய்யும் நோட்டீசும் அதையேதான் சொன்னது. துறையும் தானும் ஒன்றாகச் சொல்வதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆசிரியர் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார். வரைபடமும் ஆவணமும் இவனுக்கு, மக்கள் சொல்வது மனைவிக்கு. முதல் பக்கச் செய்தி இவனுடையது. மக்கள் பேச்சு ஓரத்தில் ஒரு பெட்டியில் வரும். போன தடவை குப்பைக் கிடங்கு விவகாரத்தில் இப்படித்தான் பிரித்தார்கள். கடைசியில் அவளுடைய பெட்டி வீங்கி, இவனுடைய புள்ளிவிவரம் அதற்கு அடிக்குறிப்பு ஆனது. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், அவளுடைய பிரதியில் உள்ள சர்வே எண்களைச் சரிபார்க்கச் சொன்னார் ஆசிரியர். அவள் தன் பேட்டிக் குறிப்புகளை எப்போதோ அவனுக்கு அனுப்பியிருந்தாள். அவன் அதைத் திறந்ததே இல்லை. அழுகையைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டிருந்தான். இப்போது திறந்தான், ஆசையோடு திறந்தான். ஒரே ஒரு எண் தப்பாக இருந்தால் போதும், ஆசிரியர் முன்னால் அதை மெதுவாக எடுத்து வைக்கலாம்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. தையல்கார அக்கா சொன்னதில்தான் கண் நின்றது.

"நான் கல்யாணமாகி வந்தப்ப மதகு இங்க இல்ல. இப்ப ஆஸ்பத்திரிக்காரங்க கார் நிறுத்துறாங்கல்ல, அங்க இருந்துச்சு. ரோட்டை அகலமாக்கினப்ப அதை மூடிட்டு, தள்ளி இந்தப் பக்கம் புதுசா கட்டினாங்க."

ஞாபகப் பிசகு என்று தன் நோட்டில் குறித்தான். குறித்த கையோடு பேனா நின்றுவிட்டது.

பழைய வரைபடத்தைப் பொருத்த, அதிலும் இருக்க வேண்டும், இன்றைக்குத் தரையிலும் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட இடங்கள் தேவை. அவனுக்குக் கிடைத்தவை இரண்டுதான். மூன்று ஊர் எல்லை சேரும் இடத்தில் நட்ட கல் ஒன்று, மதகு ஒன்று. கல் அசையவில்லை. மதகு அசைந்திருந்தால்? கல்லை ஆணியாக வைத்துக்கொண்டு முழு ஏரியும் திரும்பியிருக்கும், திரும்பித் தெருவின் மேல் படுத்திருக்கும்.

மாலைக்குள் நீர்வளப் பிரிவு அலுவலகத்துக்கு ஓடினான். அங்கே இருந்த எழுத்தர் அவனுக்குப் பழக்கம். சாலைப் பணி முடிந்த அறிக்கையைக் காட்டினார். பழைய மதகு அடைக்கப்பட்டது, கிழக்கே தள்ளிப் புதிய மதகு கட்டப்பட்டது. அக்கா சொன்னது அப்படியே இருந்தது. ரயில் பாதைக்கு அடியில் ஒரு பழைய பாலம் இருப்பது நினைவுக்கு வந்தது, வரைபடத்திலும் அது இருந்தது. அலுவலகம் திரும்பி, மதகை விட்டுவிட்டுப் பாலத்தையும் கல்லையும் வைத்துப் பொருத்தினான். ஏரி நகர்ந்தது. பழைய மதகு கார் நிறுத்துமிடத்தில் போய் உட்கார்ந்தது. தெரு கரைக்கு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் பின்பாதி ஏரிக்குள் நின்றது. மனைவி சேகரித்திருந்த வீட்டுப் பத்திரங்களை அப்புறம்தான் பார்த்தான். ஒவ்வொன்றிலும் வடக்கு எல்லை ஏரிக்கரை என்று எழுதியிருந்தது. கரைக்குத் தெற்கே வீடு. ஏரிக்குள் இல்லை.

துறையும் இதே புது மதகை நம்பித்தான் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு தப்பும் ஒன்றாக இருந்ததால் அவன் அதைச் சரி என்று நினைத்துவிட்டான்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் சொன்னால் செய்தி யாருடையது? மதகு நகர்ந்ததை முதலில் கேட்டு எழுதி வைத்தவள் அவள். எழுத்தர் காட்டிய அறிக்கையைத் தானே தேடிக் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியும்? அன்று வீட்டில் அவன் அவளோடு அதிகம் பேசவில்லை. தலைவலி என்றான்.

மறுநாள் காலை அவள் தெருவிலிருந்து நேராக அலுவலகம் வந்தாள். தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனைப் பார்த்தாள்.

"அந்தத் தையல்கார அக்கா மெஷினைக் கழட்டி மூட்டை கட்டிட்டாங்க. ஏரியை ஆக்கிரமிச்சவங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்துட்டா ஒரு பயலும் வீடு வாடகைக்குத் தரமாட்டானாம். தம்பி வீட்டுக்குப் போறாங்களாம்."

"அவங்க போக வேண்டாம். என் மேப்பு தப்பு."

எல்லாவற்றையும் சொன்னான். அவள் கப்பைக் கீழே வைத்தாள்.

"எப்பத் தெரிஞ்சது?"

"நேத்து சாயந்தரம்."

"நேத்தா? ராத்திரி பக்கத்துலதானே படுத்திருந்த? தலைவலின்னு சொன்னியே, இதுதான் அந்தத் தலைவலியா?"

அவள் அவனை ஏசவில்லை. கைபேசியை எடுத்து, மூட்டையைப் பிரித்துவிடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் அறைக்குள் போனாள். அவன் பின்னாலேயே போனான்.

ஆசிரியர் இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிடமும் வருவாய்த் துறையிடமும் விளக்கம் கேட்டுவிட்டுத்தான் போடுவது, ஒரு நாள் தள்ளிப் போடலாம், மக்கள் சொன்னதுதான் முதல் பக்கம், வரைபடம் அதற்குள் ஒரு படம் என்று முடிவு சொன்னார். அடிக்கோலின் செய்தி அவன் கண் முன்னாலேயே பெட்டிக்குள் சுருங்கியது. யார் பெயர் முதலில் என்று கேட்டார்.

"அவ பேரு," என்றான்.

"தானம் பண்ற மாதிரி சொல்லாத," என்றாள் மனைவி. "என் பேரு முதல்லதான் வரணும்."

அப்படியே வந்தது. துறை நோட்டீசை நிறுத்திவைத்து மறு அளவைக்கு உத்தரவிட்டது. ஆஸ்பத்திரி தன் பத்திரங்களைக் காட்டுவதாக அறிக்கை விட்டது. அளவையர் சங்கிலியோடு தெருவுக்கு வந்த அன்று மனைவிக்கு வேறு வேலை, அடிக்கோல் மட்டும் போயிருந்தான். எல்லைக் கல்லையும் பாலத்தையும் வைத்து அளந்தார்கள். அவன் வரைந்த கோட்டின் மேலேயே கொடி நட்டார்கள். அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற வேன் டிரைவரிடம், மேப்பை இரண்டு புள்ளியில் பொருத்தும்போது ஒன்று நகர்ந்திருந்தால் எப்படித் திரும்பிவிடும் என்று விளக்கத் தொடங்கினான்.

டிரைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தையல்கார அக்காவிடம் யார் இவர் என்று கேட்டார்.

"நம்ம ரிப்போர்ட்டர் பொண்ணு இருக்குல்ல," என்றாள் அக்கா. "அதோட வீட்டுக்காரர். நல்ல மனுஷன், அதுக்கு ஒத்தாசையா இருக்காரு."

அவனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே ஆஸ்பத்திரிச் சுவரை எட்டிப் பார்த்து, அடுத்த கொடி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டான்.